பாக்கி கேட்க வேண்டும், பார்ட்டியும் போகக்கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் அட்டைப்பெட்டி போட்டு, பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கொடுக்கிறோம். பேச்சு முப்பது நாள் கடன். பணம் வருவது நாற்பது, ஐம்பது, சில இடங்களில் தொண்ணூறு நாளில். வசூல் வேலை கடைசியில் என் தலையில்தான் விழும். லேபிள், பாலிபேக், எம்பிராய்டரி, பிரிண்டிங் என்று சின்ன யூனிட் நடத்தும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். பெட்டிக் கணக்கில்தான் உதாரணம் சொல்வேன். உங்கள் சரக்குக்கு ஏற்றபடி நாள்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்து மூணு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள கேட்டா, "இவன் பணத்துக்குப் பறக்கிறான்"னு நினைக்க மாட்டாங்களா?

நினைக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் கேட்டால் அது கணக்குப் பேச்சு. ஐம்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு முதல்முறையாகக் கேட்டால்தான் அது புகாராகக் காதில் விழும். அதற்குள் நமக்கும் எரிச்சல் ஏறியிருக்கும், குரலில் அது தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் நூறு பில் இருக்கும்; கையில் இருபது பில்லுக்குத்தான் பணம் இருக்கும். எது போனால் யார் கேட்பார்கள், யார் கேட்க மாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்காதவனுடைய பில் அடியில் போய்விடும். அதில் அவருக்கு நம்மேல் கோபமோ அலட்சியமோ இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் கெடுவுக்கு ஐந்து நாள் முன்பே லெட்ஜர் ஸ்டேட்மெண்ட் அனுப்பிவிடுகிறேன். அதில் பணம் கேட்கும் வார்த்தையே இருக்காது. "இந்த மாதக் கணக்கு இணைத்துள்ளேன், உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்" என்று மட்டும் இருக்கும். பில் எங்காவது சிக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மொத்தம் எத்தனை படி வைக்கலாம்? எந்த நாளில் எதைச் செய்யணும்?

நான் ஐந்து படி வைத்திருக்கிறேன். ஜூன் 3-ல் சரக்கும் பில்லும் போனது, முப்பது நாள் கடன், கெடு ஜூலை 3 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 6-ல் கணக்குப் பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஜூலை 13 வாக்கில் அதே ஆளுக்குப் போன், பேசி முடித்த கையோடு பேசியதை எழுதி ஒரு மெயில். ஜூலை 18-க்குப் பிறகும் வரவில்லை என்றால் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்குக் கடிதம், முதலாளிக்கு நகல். ஆகஸ்ட் 2 ஆகிவிட்டால் முதலாளியிடம் நேரில் போய்ப் பேசி, இனி வரும் ஆர்டருக்குக் கடன் இல்லை என்று சொல்லி, அதை எழுத்திலும் கொடுப்பது. செப்டம்பர் தொடக்கத்தில் வட்டிக் கணக்கோடு கடைசிக் கடிதம், பத்து நாள் கெடு.

ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒன்று மாறுகிறது: படிக்கிற ஆள், சொல்கிற வழி, அல்லது அடுத்து என்ன நடக்கும் என்பது. தொனி மட்டும் கடைசி வரை ஒரே மாதிரி இருக்கட்டும். முதல் செய்தியில் "சார்" என்றால் கடைசிக் கடிதத்திலும் "சார்"தான். ஒரே ஆளுக்கு, ஒரே வாட்ஸ்அப்பில், வாரம் நான்கு முறை "சார் பேமெண்ட்?" என்று அனுப்பிக்கொண்டிருந்தால் அது படி ஏறுவது ஆகாது. அவர் நம் எண்ணை மியூட்டில் போட்டுவிடுவார்.

அழைக்கும் கிழமையையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள். அன்றைக்கும் வெள்ளி பிற்பகலும் கணக்குப் பிரிவில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. அந்த நேரம் போன் அடித்துவிட்டு "எடுக்கவே மாட்டேங்கிறான்" என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை. செவ்வாய், புதன் காலை பதினொரு மணி நல்ல நேரம்.

முதல் மெசேஜ்ல என்ன எழுதறது? எனக்கு எழுதினாலே கெஞ்சுற மாதிரி இருக்கு.

கெஞ்சல் வருவது நம் கஷ்டத்தை எழுதும்போது. "பேப்பர் மில்லுக்குப் பணம் கட்டணும், ரொம்ப டைட்டா இருக்கு" என்பது அவருக்குத் தேவையில்லாத செய்தி. அவருக்குத் தேவை பில் எண், தேதி, தொகை, கெடு, பில்லின் நகல். எங்களிடமிருந்து போவது இப்படி:

"வணக்கம் சார். பில் எண் 218, ஜூன் 3, ரூ.1,84,000. ஜூலை 3 கெடு. பில்லும் கையெழுத்து வாங்கிய டெலிவரி சலானும் இணைத்துள்ளேன். இந்த வாரப் பேமெண்ட் லிஸ்டில் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?"

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். "சீக்கிரம் அனுப்புங்கள்" என்றால் "சரி சார்" என்று பதில் வரும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். லிஸ்டில் இருக்கிறதா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். இல்லை என்றால் ஏன் என்று அடுத்த கேள்வி இயல்பாக வரும்.

"தவறாக நினைக்க வேண்டாம்", "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். நாம் ஒரு தப்பும் செய்யவில்லை.

"பாஸ் ஆயிடும் சார்"னே ஒரு மாசமா சொல்றாங்க. உண்மையா, தட்டிக்கழிக்கிறாங்களானு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மேலே சொன்ன 218-ம் பில்லின் கதையைச் சொல்கிறேன். நான்காயிரம் பெட்டி, வரியோடு சேர்த்துப் பெட்டி 46 ரூபாய். வாட்ஸ்அப்புக்கு "ஓகே சார்" என்று பதில் வந்தது. ஒரு வாரம் கழித்துப் போன் செய்தால், "பாஸ் ஆயிடும் சார், அடுத்த வாரம் பாருங்க." அடுத்த வாரமும் அதே வார்த்தை.

மூன்றாவது முறை கேள்வியை மாற்றினேன். "அண்ணா, பில் இப்ப யார் டேபிள்ல இருக்கு? ஸ்டோர்ஸ் என்ட்ரி ஆயிருச்சா?" ஒரு நிமிடம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டோர்ஸ்ல 3,960 தான் என்ட்ரி இருக்குங்க. உங்க பில்லு 4,000. டிஃபரன்ஸ் இருக்கறதால ஹோல்டுல கிடக்குது" என்றார்.

நடந்தது என்னவென்றால், லாரியில் இருந்து இறக்கும்போது மழை. நாற்பது பெட்டி நனைந்திருக்கிறது. ஸ்டோர்ஸ்காரர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் பதிந்திருக்கிறார். எங்களுக்குச் சொல்லவில்லை, கணக்குப் பிரிவுக்கும் சொல்லவில்லை. ஆர்டர் கொடுத்தவருக்குத் தெரியவே தெரியாது. நாற்பது பெட்டியின் விலை 1,840 ரூபாய். அந்த 1,840-க்காக 1,84,000 இருபது நாளாக நின்றது.

அன்றைக்கே 1,840 ரூபாய்க்கு கிரெடிட் நோட்டு போட்டு அனுப்பினேன். அடுத்த புதன்கிழமை 1,82,160 வந்துவிட்டது. ஸ்டோர்ஸ் என்ட்ரியைக் கேட்பதற்கு முந்தின நாள் இரவு முதலாளிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவர் ஸ்டோர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார், நனைந்த பெட்டியைக் கொடுத்தவன் என்று என்னைத்தான் பார்த்திருப்பார்.

அதனால் இரண்டாம் படியில் போன் செய்யும்போது பணத்தைக் கேட்பதற்கு முன்னால் பில்லின் பாதையைக் கேளுங்கள்: ஸ்டோர்ஸ் பதிவு ஆனதா, அளவு ஒத்துப்போகிறதா, விலை ஆர்டரில் உள்ளபடி இருக்கிறதா, நம் பில் அவர்கள் ஜிஎஸ்டி கணக்கில் தெரிகிறதா. ஜிஎஸ்டியில் நாம் ஏற்றத் தவறியிருந்தாலோ அவர்கள் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தாலோ அவர்களுக்கு வரி வரவு கிடைக்காது. பில்லைக் கண்டிப்பாக நிறுத்திவிடுவார்கள். அது நம் தப்பு.

இத்தனையும் சரியாக இருக்கிறது, ஆனாலும் தேதி சொல்ல மறுக்கிறார்கள், அல்லது சொன்ன தேதி இரண்டு முறை தவறிவிட்டது என்றால் அது தட்டிக்கழிப்பு, இல்லை பணம் இல்லை. அதற்குப் பிறகுதான் மூன்றாம் படி.

ஆர்டர் கொடுக்கிற மெர்ச்சண்டைசர்தான் எனக்குப் பழக்கம். அவரிடமே பணத்தைக் கேட்டா என்ன?

ஒரு தடவை கேட்கலாம், தகவலுக்காக. "அண்ணா, பில் ஒண்ணு நிக்குது, அக்கவுண்ட்ஸ்ல யாரைப் பார்க்கணும்?" அதோடு விடுங்கள்.

அவருக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. ஆர்டர் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. உறவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவரிடம்தான். வாரா வாரம் அவரை நச்சரித்தால், நம் பெயரைப் பார்த்தாலே அவருக்குச் சங்கடம். அடுத்த கொட்டேஷனை வேறு பெட்டிக்காரரிடம் கேட்டுவிட்டால் அவருக்கு நிம்மதி. பணப் பேச்சு கணக்குப் பிரிவோடும் முதலாளியோடும் நடக்கட்டும். இவரோடு பெட்டியின் அளவு, பிளை, பிரிண்ட் மட்டும் பேசுங்கள்.

இதே காரணத்துக்காக எங்கள் பக்கமும் ஆளைப் பிரித்திருக்கிறேன். முதல் இரண்டு படியை இப்போது எங்கள் கணக்குப் பிள்ளை பார்க்கிறார். மூன்றிலிருந்து நான். ஆரம்பத்திலேயே முதலாளி இறங்கிவிட்டால் பிறகு ஏறுவதற்கு மேலே ஆள் இல்லை.

மூணாவது கடிதம் கறாரா இருக்கணும், ஆனா சண்டை மாதிரியும் தெரியக்கூடாது. எப்படி எழுதுவீங்க?

நடந்ததைத் தேதியோடு எழுதினால் போதும், கறார் தானாக வந்துவிடும். உரிச்சொல் எதுவும் வேண்டாம். "பலமுறை கேட்டும்", "பொறுப்பில்லாமல்", "வருத்தமளிக்கிறது" எல்லாம் கோபத்தின் மிச்சம். கீழே இருப்பது வேறொரு பார்ட்டிக்கு நான் அனுப்பியது. பில் எண்ணையும் தொகையையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்:

"வணக்கம். பில் 231, ஜூன் 3, ரூ.2,10,000, கெடு ஜூலை 3. ஜூலை 6-ல் செய்தி அனுப்பினோம். ஜூலை 13-ல் போனில் பேசியபோது அளவும் விலையும் சரியாக உள்ளன, ஜூலை 17-க்குள் பணம் வரும் என்று உங்கள் கணக்குப் பிரிவில் சொன்னார்கள். இன்று வரை வரவில்லை. பில்லில் ஏதாவது குறை இருந்தால் ஜூலை 22-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள், உடனே சரிசெய்து தருகிறோம். குறை இல்லையென்றால் ஜூலை 25-க்குள் முழுத் தொகையை அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தேதி உங்களுக்கு முடியாது என்றால் முடிந்த தேதியைச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்."

கடைசி வரி ஏன் என்று சிலர் கேட்பார்கள். அது கதவு. அவர் வேறு தேதி சொன்னால் அது அவர் எழுத்தில் கொடுத்த வாக்கு. பின்னால் நமக்கு உதவும். எதுவுமே சொல்லாமல் இருந்தால் அடுத்த படி ஏற நமக்குத் தயக்கம் இருக்காது.

முதலாளிக்கு நகல் போட்டால் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மனவருத்தம் வரும். அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு மேனேஜருக்குக் கடிதம் போடறேன், சாருக்கும் காப்பி போகுது. உங்க மேல ஒண்ணும் எழுதலை, பில்லைப் பத்தி மட்டும்தான்." பாதி நேரம் அந்தப் போனுக்கே பணம் வந்துவிடும். கடிதத்தில் அவர் பெயரைப் போடாமல் "உங்கள் கணக்குப் பிரிவில்" என்று எழுதியிருப்பதும் அதற்காகத்தான்.

சரக்கை நிறுத்தினா பணம் வரும்னு சொல்றாங்க. நிறுத்தலாமா?

நிறுத்தலாம். எந்த வாரத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெட்டி இல்லாமல் கண்டெய்னர் கிளம்பாது. ஷிப்மெண்ட் தள்ளிப்போனால் அவர் விமானத்தில் அனுப்ப வேண்டி வரும்; அந்தச் செலவு நம் பாக்கியைப் போலப் பல மடங்கு இருக்கும். ஷிப்மெண்டுக்கு இரண்டு நாள் முன்னால், பெட்டி தயாராக இருக்கும்போது, "பழைய பாக்கியைப் போடுங்க, அனுப்பறேன்" என்றால் பணம் கண்டிப்பாக வரும். அன்றோடு பார்ட்டியும் போவார். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரிடம் இதைச் செய்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பணம் வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கொட்டேஷன்கூடக் கேட்டு வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கையில் ஏற்றுக்கொண்ட ஆர்டரை முடித்துக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: அந்தப் பெட்டியில் அவர்களுடைய வெளிநாட்டு பையரின் மார்க், ஸ்டைல் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். வேறு யாருக்கும் விற்க முடியாது, நம்மிடமே கிடந்து மக்கும். நிறுத்துவது அடுத்த ஆர்டரில். அதையும் ஆர்டர் வருவதற்கு முன்பே, நேரில் போய்ச் சொல்ல வேண்டும்:

"சார், கையில இருக்கற ஆர்டர் சொன்ன தேதிக்கு வந்துரும், அதுல மாற்றம் இல்ல. பழைய பாக்கி முடியற வரைக்கும் புது ஆர்டருக்குப் பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரி அன்னிக்கு. பாக்கி முடிஞ்ச அன்னிக்கு பழையபடி முப்பது நாள்."

அவர் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார், வேறு பெட்டிக்காரரைத் தேட அவருக்கு நேரமும் இருக்கிறது. பெரும்பாலும் தேட மாட்டார், ஏனென்றால் புது ஆளும் புதுப் பார்ட்டிக்கு உடனே கடன் தரமாட்டார்.

சொன்னபிறகு பின்வாங்காதீர்கள். அட்வான்ஸ் வராமலே ஒருமுறை சரக்கு போய்விட்டால் நம் கடிதங்களுக்கு அன்றோடு மதிப்பு போயிற்று.

45 நாள் சட்டம் இருக்கே, அதைச் சொன்னா மிரட்டுற மாதிரி ஆகாதா?

எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாள் 45-ஐத் தாண்டக்கூடாது. ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45 தான். எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 5.5% என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16.5%, அதாவது ஒரு லட்சத்துக்கு முதல் மாதம் 1,375 ரூபாய்.

நமக்கு உத்யம் பதிவு இருக்க வேண்டும், சரக்கு அனுப்பும் முன்பே எடுத்திருப்பது நல்லது. வாங்கி விற்கும் வியாபாரியாக மட்டும் பதிந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உற்பத்தியோ சேவையோ செய்பவர்களுக்குத்தான்.

இதை உறவு கெடாமல் சொல்லும் வழி, அவருடைய நஷ்டத்தை அவருக்கு நினைவூட்டுவது. 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரியில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது, ஆடிட்டர்கள் 43பி(எச்) என்பார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராமல் ஆண்டு முடிந்துவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது; பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். ஜிஎஸ்டியிலும் ஒன்று உண்டு: பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அவர் எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். ஜூன் 3 பில்லுக்கு அந்த 180-ம் நாள் நவம்பர் 30.

இவற்றை நான் முதலாளியிடம் பேசுவதில்லை, அவர்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம் சொல்வேன். "சார், எங்க உத்யம் சர்டிபிகேட் உங்க ஃபைல்ல இருக்கானு பாருங்க, ஆடிட்ல கேப்பாங்க." சர்டிபிகேட்டை இணைத்துவிடுவேன். அவருக்கு மீதி புரிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் இந்த ஒரு வரிக்கு இருக்கும் வேகம் வேறு எதற்கும் இல்லை. அதைவிடச் சுலபம், பில்லிலேயே உத்யம் எண்ணையும் கெடுத் தேதியையும் அச்சடித்துவிடுவது. பில்லில் எப்போதும் இருக்கிற வரி யாரையும் மிரட்டாது.

"எனக்கே பணம் வரலை"னு சொல்றார். உண்மைனு எனக்கும் தெரியும். என்ன செய்ய?

இது அடிக்கடி நடப்பதுதான். ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டுப் பணம் சரக்கு கிளம்பி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50% ஆக்கியபோது நல்ல பார்ட்டிகள்கூடத் திணறினார்கள். அந்த நேரத்தில் ஐந்து படியும் ஏறிப் பயன் இல்லை.

தவணைக்கு உட்காருங்கள். ஆனால் எழுத்தில். "மொத்தப் பாக்கி ரூ.6,00,000. செப்டம்பர் 10 முதல் ஒவ்வொரு புதன்கிழமையும் ரூ.50,000, பன்னிரண்டு வாரம்" என்று அவர் லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மாதத்துக்கு இரண்டு லட்சம் என்பதைவிட வாரத்துக்கு ஐம்பதாயிரம் நல்லது. ஒரு தவணை தவறினால் ஏழே நாளில் நமக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடக் கெடு மூன்று ஆண்டு. அந்தக் கெடு முடியும் முன் கடன் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளில் இருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஆண்டுதோறும் மார்ச் 31 தேதிக்கு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்குவதும் இதற்குத்தான். எல்லாப் பார்ட்டியிடமும் வழக்கமாக வாங்கினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சண்டை வந்தபிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பின்தேதியிட்ட செக் தர்றேன்னு சொல்றார். வாங்கலாமா?

வாங்கலாம். செக்கில் போட்ட தேதியில் இருந்து மூன்று மாதம்தான் அதற்கு உயிர். போடுவதற்கு முந்தின நாள் ஒரு போன் செய்து சொல்லிவிட்டுப் போடுங்கள், அது மரியாதை. திரும்பிவிட்டால் வங்கியில் இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயாக வேண்டும், அவருக்கு 15 நாள் அவகாசம். "அடுத்த வாரம் மறுபடி போடுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல அந்த முப்பது நாளைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். செக் உயிரோடு இருக்கும்வரை மறுபடி போட்டு, மறுபடி திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். உயிர் போனபிறகு ஒன்றும் செய்ய முடியாது.

சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர். அவருக்குக் கடிதம் எல்லாம் போட முடியுமா?

கடிதம் முடியாது என்றால் ஸ்டேட்மெண்ட் அனுப்புங்கள், எல்லாப் பார்ட்டிக்கும் போகிற அதே நாளில், அதே வடிவத்தில். "மாமா, கம்ப்யூட்டர்ல இருந்து எல்லாருக்கும் போறது, உங்களுக்கும் வந்திருக்கும்" என்று சொல்லிக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் பாக்கி கேட்காதீர்கள். கடன் எல்லையை மற்றவர்களைவிடக் குறைவாக வைப்பதுதான் இங்கே உண்மையான பாதுகாப்பு.

கடைசிக் கடிதத்துக்கும் பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸா, வசதியாக்கக் குழுவா?

நோட்டீஸ் அனுப்பினால் பதில் அவர்கள் வக்கீலிடமிருந்து வரும். அதற்குப் பிறகு நாம் இருவரும் நேரில் பேசுவது கடினம். உத்யம் இருந்தால் நான் 2006 சட்டப்படி ஆன்லைனில் மனு போடுவதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த மனு மாநில வசதியாக்கக் குழுவுக்குப் போகும். அங்கே முதல் கட்டமே சமரசப் பேச்சு. முடியாவிட்டால்தான் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து அவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் 75% தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். 90 நாளில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் இழுக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் நம் கதையை யாரும் படிக்க மாட்டார்கள். ஆர்டர், பில், கையெழுத்திட்ட டெலிவரி சலான், இதுவரை அனுப்பிய செய்திகள், வட்டிக் கணக்கு ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். படிப்படியாக எழுத்தில் ஏறி வந்தவருக்கு அந்த ஃபைல் ஏற்கெனவே தயாராக இருக்கும். போனிலேயே சண்டை போட்டவரிடம் ஒன்றும் இருக்காது.

மனு போடுவதற்கு முந்தின நாள் ஒருமுறை போன் செய்வேன். "சார், நாளைக்கு மனு ஏத்தறேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு தேதி சொன்னீங்கன்னா நிறுத்திடறேன்." வட்டியை இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம். அசல் முழுதாக வந்தால் வட்டி வேண்டாம் என்று சொல்வதற்காகவே நான் கடைசிக் கடிதத்தில் வட்டியை எழுதுகிறேன். அவர் பக்கம் முகம் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் இல்லையா.

பணம் வந்துருச்சு. அப்புறம் எப்படிப் பழையபடி பேசறது?

வந்த அன்றே ரசீது அனுப்புங்கள், யுடிஆர் எண்ணும் கணக்கு நேரானதும் எழுதி. கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தனியாக ஒரு நன்றி. "தாமதத்தைத் தவிர்க்கவும்" என்று அதில் ஒட்டாதீர்கள்; கொடுத்தவரை மறுபடி குத்துவது போல இருக்கும்.

அட்வான்ஸ் நிபந்தனை போட்டிருந்தால், சொன்னபடி அன்றைக்கே எடுத்துவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கடன் எல்லையை மட்டும் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு ஐந்து லட்சம் வரை பாக்கி வைத்த ஒருவருக்கு இப்போது இரண்டரைதான். மூன்றாவது பில் போடும்போது முதல் பில்லின் பணம் வந்திருக்கும்படி ஆர்டரைப் பிரித்து வாங்குகிறேன். அது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. போன வாரம் ஏற்றிய லோடுக்கு லாரிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.